சூடான குழாயில் ஓடும் எண்ணெய்: பாகுத்தன்மைத் திருத்தம் தேவையா, எதைத் தேர்வது?

டெல்லியின் ஓக்லாவிலும் அதை அடுத்த ஃபரிதாபாத்திலும் உள்ள தொழிற்கூடங்களில் பணிபுரியும் நம் தமிழ்ப் பொறியாளர்கள் சிலர் அண்மையில் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கியர் பம்பிலிருந்து வரும் மசகெண்ணெயை நீராவி உறையிட்ட குழாய் வழியே அனுப்பிச் சூடாக்க வேண்டும். எண்ணெய் மெதுவாக, வரிச்சீராக, அதாவது லாமினார் ஓட்டமாகச் செல்கிறது. சுவரை ஒட்டிய எண்ணெய் நீர்த்துப்போகிறது. நடுவில் ஓடும் எண்ணெய் கெட்டியாகவே இருக்கிறது. இந்த இரண்டு பாகுத்தன்மைகளில் எதை வைத்துக் கணக்கிடுவது? ஒருவர் திருத்தம் எதுவும் தேவையில்லை என்கிறார். இன்னொருவர் சுவருக்கும் எண்ணெய்க்கும் நடுவிலுள்ள வெப்பநிலையில் எல்லாப் பண்புகளையும் எடுத்தால் போதும் என்கிறார். மூன்றாமவர் 0.14 என்ற அடுக்கைப் போடச் சொல்கிறார், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் போட்டுப் பார்த்து, இந்த வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே இக்கட்டுரையின் வேலை.

## எதை வைத்து எடைபோடுவது

மூன்று அளவுகோல்கள் போதும் என்பது என் கருத்து.

முதலாவது, பிழை எந்தப் பக்கம் விழுகிறது என்பது. எல்லாக் கணக்கிலும் பிழை உண்டு. அந்தப் பிழையால் கருவி தேவைக்கு மேல் பெரிதாகிறதா, அல்லது தேவைக்குக் குறைவாகிவிடுகிறதா என்பதே கேள்வி. முன்னதில் கொஞ்சம் இரும்பு வீணாகும். பின்னதில் வேலையே நடக்காது.

இரண்டாவது, நாம் செய்யும் மாற்றம் சூத்திரத்தின் விடையை உண்மையிலேயே மாற்றுகிறதா என்பது. இது அசட்டுக் கேள்வி போலத் தோன்றலாம். இப்பொருளில் மிகப் பெரிய குழப்பம் இங்கேதான் இருக்கிறது என்பதைக் கீழே காண்போம்.

மூன்றாவது, அந்த வழிக்குத் தேவையான தரவு நம் கையில் இருக்கிறதா என்பது. எண்ணெய் விற்பவர் தரும் தாளில் பெரும்பாலும் 40 டிகிரியிலும் 100 டிகிரியிலும் உள்ள பாகுத்தன்மை மட்டுமே இருக்கும். சுவரின் வெப்பநிலை பல நேரங்களில் ஊகமாகவே இருக்கும்.

## எடுத்துக்காட்டு

உள்விட்டம் 20 மில்லிமீட்டர், நீளம் 6 மீட்டர் கொண்ட ஒரே நேர்குழாயை எடுத்துக்கொள்வோம். வளிமண்டல அழுத்தத்தை ஒட்டிய நீராவி வெளியே சூழ்ந்திருப்பதால் உட்சுவர் 97 டிகிரி செல்சியஸில் நிற்கிறது. எஞ்சின் எண்ணெய் விநாடிக்கு 0.1 கிலோ வீதம் 41.5 டிகிரியில் நுழைகிறது. உள்ளே எண்ணெயின் சராசரி வெப்பநிலை 47 டிகிரி என்று கொள்வோம். கணக்கு முடிந்ததும் இது சரியா என்று பார்க்கலாம்.

பாடநூல் அட்டவணைகளில் உள்ளபடி, பயன்படுத்தாத எஞ்சின் எண்ணெயின் பாகுத்தன்மை 47 டிகிரியில் 141 சென்டிபாய்ஸ், 97 டிகிரியில் 18.6 சென்டிபாய்ஸ். அதாவது நடுவில் ஓடும் எண்ணெய் சுவரோரத்து எண்ணெயைவிட ஏழரை மடங்கு கெட்டி. ஐம்பது டிகிரி இடைவெளியில் அடர்த்தியும் வெப்பக் கடத்துதிறனும் சில விழுக்காடே மாறுகின்றன. ஆகவே இக்கணக்கில் பெரிய அளவில் மாறும் பண்பு பாகுத்தன்மை ஒன்றுதான்.

ரெனால்ட்ஸ் எண் 45 வருகிறது; வரிச்சீர் ஓட்டம் என்பதில் ஐயமில்லை. பிராண்ட்டில் எண் 1965. இவ்வளவு பெரிய பிராண்ட்டில் எண்ணின் பொருளைக் கவனியுங்கள். குழாய்க்குள் நுழைந்து நாலரை சென்டிமீட்டர் போவதற்குள் எண்ணெயின் வேக வடிவம் நிலைபெற்றுவிடுகிறது. வெப்பநிலை வடிவம் நிலைபெறவோ ஏறத்தாழ 89 மீட்டர் வேண்டும். நம் குழாய் 6 மீட்டர். எனவே குழாய் முழுவதும் வெப்ப நுழைவுப் பகுதிதான்: சுவரை ஒட்டிய ஒரு மெல்லிய படலம் மட்டும் சூடாகிறது, நடுப்பகுதி நுழைந்த வெப்பநிலையிலேயே போய்க்கொண்டிருக்கிறது. நிலைபெற்ற ஓட்டத்துக்கான 3.66 என்ற நஸ்ஸெல்ட் எண்ணை இங்கே போட்டால் வெப்பப் பரிமாற்றக் கெழு 26 என்று வரும். உண்மை அதைப் போல் மூன்று, நான்கு மடங்கு. அந்தத் தவறைச் செய்துவிட்டுப் பாகுத்தன்மைத் திருத்தத்தைப் பற்றி வாதிடுவதில் பயனில்லை. இக்கட்டுரையில் கெழு என்று வருமிடமெல்லாம் அலகு, சதுர மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு இத்தனை வாட் என்பதே.

## முதல் வழி: திருத்தமே போடாமல் விடுவது

எல்லாப் பண்புகளையும் எண்ணெயின் சராசரி வெப்பநிலையிலேயே எடுத்து, சீடர், டேட் இருவரும் 1936இல் வெளியிட்ட சூத்திரத்தை அதன் திருத்தப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டுப் போடுவது இந்த வழி.

```
Nu = 1.86 · (Re · Pr · D/L)^(1/3)
```

அடைப்புக்குள் இருக்கும் பெருக்கல் 296 வருகிறது. அதன் முப்படி மூலம் 6.66. நஸ்ஸெல்ட் எண் 12.4, கெழு 88.6. இதன்படி எண்ணெய் 50.1 டிகிரியில் வெளியேறும்.

அளவுகோல்களுக்கு வருவோம். சூடேற்றும் கருவியில் சுவரோர எண்ணெய் நீர்த்திருப்பதால் உண்மையான கெழு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே இங்கே பிழை பாதுகாப்பான பக்கம் விழுகிறது. சுவர் பற்றிய தரவு எதுவும் தேவையில்லை என்பதும் ஒரு வசதி.

இதில் மறைந்திருக்கும் செலவு பலர் நினைப்பதைவிடப் பெரிது. பின்னால் வரப்போகிறபடி, திருத்தம் கெழுவை 33 விழுக்காடு உயர்த்துகிறது. அப்படியானால் திருத்தத்தை விட்டவர் குழாயை 33 விழுக்காடு நீளமாக வாங்குவார் என்றுதான் முதலில் தோன்றும். அது சரியன்று. நுழைவுப் பகுதியில் குழாய் நீள நீளச் சராசரிக் கெழு, நீளத்தின் முப்படி மூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. எனவே கெழுவும் பரப்பும் சேர்ந்த பெருக்கல், நீளத்தின் மூன்றில் இரண்டு அடுக்கில் மட்டுமே வளர்கிறது. 33 விழுக்காட்டுக் குறையை நீளத்தால் ஈடுகட்ட 1.33ஐ ஒன்றரை அடுக்குக்கு உயர்த்த வேண்டும், அது 1.53. ஆக, 6 மீட்டர் போதுமான இடத்தில் 9.2 மீட்டர் குழாய் வாங்கப்படும். நடைமுறையில் அது 52.6 டிகிரிக்குப் பதிலாக ஏறத்தாழ 55.7 டிகிரியில் எண்ணெயைத் தள்ளும்.

குளிர்விக்கும் கருவியில் இதே விடுபாடு எதிர்ப்பக்கம் அடிக்கிறது. எண்ணெய் 97 டிகிரியிலும் சுவர் 47 டிகிரியிலும் இருந்தால் சுவரோரம் கெட்டிப்பட்ட எண்ணெய் அசைய மறுக்கும். உண்மையான கெழு, திருத்தமில்லாத கணக்கில் வந்ததில் 75 விழுக்காடே இருக்கும். ஆறு மீட்டர் என்று கணக்குச் சொன்ன இடத்தில் ஒன்பது மீட்டருக்கு மேல் தேவைப்படும். சூடேற்றியில் பழகிய கையோடு அதே விரிதாளை ஆயில் கூலருக்கும் எடுத்துப் போடுகிறவர்களுக்கு இது குறிப்பாகச் சொல்ல வேண்டியது.

சுவருக்கும் எண்ணெய்க்கும் உள்ள பாகுத்தன்மை விகிதம் இரண்டுக்குள் இருந்தால் திருத்தம் 10 விழுக்காட்டைத் தாண்டாது. அந்த நிலையில், அதுவும் சூடேற்றும்போது மட்டும், இந்த வழி போதும்.

## இரண்டாம் வழி: இடைப்பட்ட வெப்பநிலையில் பண்புகளை எடுப்பது

சுவர் 97, எண்ணெய் 47, நடுவில் 72 டிகிரி. ஃபிலிம் டெம்பரேச்சர் என்று எல்லோரும் சொல்லும் இந்த வெப்பநிலையில் பாகுத்தன்மை ஏறத்தாழ 43.5 சென்டிபாய்ஸ். அதாவது 141இல் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு பெரிய மாற்றத்தைச் சூத்திரத்துக்குள் விட்டால் கெழுவும் நன்றாக மாறும் என்று எதிர்பார்ப்பது இயல்பே.

போட்டுப் பார்த்தால் கெழு 88.2 வருகிறது. திருத்தமே போடாதபோது வந்தது 88.6.

கணக்கில் எங்கும் தவறில்லை. ரெனால்ட்ஸ் எண்ணில் பாகுத்தன்மை கீழே இருக்கிறது, பிராண்ட்டில் எண்ணில் மேலே இருக்கிறது. இரண்டையும் பெருக்கும்போது அது அடிபட்டுப் போகிறது:

```
Re · Pr · D/L = 4 · m · cp / (pi · k · L)
```

இங்கே `m` ஓட்ட வீதம், `cp` தன்வெப்பம், `k` வெப்பக் கடத்துதிறன். பாகுத்தன்மை இந்தக் கோவையில் இல்லவே இல்லை. எனவே எந்த வெப்பநிலையில் எடுத்தாலும் பாகுத்தன்மை விடையைத் தொடாது. தன்வெப்பமும் கடத்துதிறனும் சிறிது மாறுவதால் வந்த வேறுபாடுதான் அந்த 0.4. கொந்தளிப்பான ஓட்டத்துக்கான சூத்திரங்களில் ரெனால்ட்ஸ் எண்ணின் அடுக்கும் பிராண்ட்டில் எண்ணின் அடுக்கும் வேறுவேறு என்பதால் அங்கே இந்த வழிக்கு ஓரளவு பயன் உண்டு. அங்கிருந்து பழக்கமாக இங்கே வந்து ஒட்டிக்கொண்டது என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது அளவுகோலில் இந்த வழி முழுமையாகத் தோற்கிறது. திருத்தம் போட்டுவிட்டோம் என்ற நிம்மதி மட்டும் மிஞ்சுகிறது.

இதைவிடக் கேடானது அரைகுறையாகப் போடுவது. விரிதாளில் ரெனால்ட்ஸ் எண்ணுக்கான கட்டம் 47 டிகிரியையும் பிராண்ட்டில் எண்ணுக்கான கட்டம் 72 டிகிரியையும் சுட்டிக்கொண்டிருந்தால், 45ஐ 658ஆல் பெருக்கியதாக ஆகும். கெழு 60க்கு விழுந்துவிடும். சூத்திரம் சரி, எண்கள் சரி, விடை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு: மேலே உள்ள வலப்பக்கக் கோவையைத் தனிக்கட்டத்தில் கணக்கிட்டு, இடப்பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சில விழுக்காட்டுக்கு மேல் விலகினால் இரண்டு வெப்பநிலைகள் கலந்துவிட்டன என்று பொருள்.

## மூன்றாம் வழி: சீடர்–டேட் திருத்தம்

```
Nu = 1.86 · (Re · Pr · D/L)^(1/3) · (mu_b / mu_w)^0.14
```

`mu_b` எண்ணெயின் சராசரி வெப்பநிலையில் உள்ள பாகுத்தன்மை, `mu_w` சுவரின் வெப்பநிலையில் உள்ள பாகுத்தன்மை. சுவர் வெப்பநிலை நுழைவது அந்த ஒரே இடத்தில்தான். மற்ற எல்லாப் பண்புகளும் நுழைவாயில், வெளிவாயில் வெப்பநிலைகளின் சராசரியில் எடுக்கப்பட வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் விகிதம் 7.58. அதன் 0.14 அடுக்கு 1.33. நஸ்ஸெல்ட் எண் 16.5, கெழு 118. எண்ணெய் 52.6 டிகிரியில் வெளியேறுகிறது. நுழைவும் வெளியேற்றமும் சேர்ந்த சராசரி 47.05, தொடக்கத்தில் கொண்ட 47 சரியாகவே இருக்கிறது. ஒத்துவராதிருந்தால் புதிய சராசரியைப் போட்டு இன்னொரு சுற்றுக் கணக்கிட்டால் போதும்.

இந்த 0.14 சோதனைத் தரவுகளிலிருந்து வந்த எண். என்றாலும் அதற்குப் பின்னால் ஒரு பொருள் இருப்பதைக் காட்டலாம். சுவரோரம் எண்ணெய் நீர்த்தால், அங்கே வேகம் செங்குத்தாக ஏறுகிறது. மெல்லிய வெப்பப் படலத்துக்குள் புதிய, குளிர்ந்த எண்ணெய் விரைந்து வருகிறது. நுழைவுப் பகுதியில் வெப்பப் பரிமாற்றம், சுவரில் உள்ள வேகச் சரிவின் முப்படி மூலத்தைப் பொறுத்தது என்பது லெவெக்கின் பழைய முடிவு. இனி, சூடாக்கப்படும் திரவத்தின் வரிச்சீர் ஓட்டத்தில் சுவர் உராய்வு பாகுத்தன்மை விகிதத்தின் 0.58 அடுக்கில் குறைகிறது என்று பரவலாகக் கொள்ளப்படுகிறது. உராய்வைச் சுவர்ப் பாகுத்தன்மையால் வகுத்தால் வேகச் சரிவு கிடைக்கும். ஆக, வேகச் சரிவு விகிதத்தின் 0.42 அடுக்கில் உயர்கிறது. அதன் மூன்றில் ஒரு பங்கு 0.14. இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். தனித்தனியே வந்த இரண்டு எண்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதே இதன் மதிப்பு.

அடுக்கு இவ்வளவு சிறியதாக இருப்பதில் ஒரு நடைமுறை நன்மை உண்டு. சுவர் வெப்பநிலை நமக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை. 97 டிகிரிக்குப் பதில் 87 என்று பத்து டிகிரி தவறாக ஊகித்திருந்தாலும் திருத்தம் 1.33க்குப் பதில் 1.27 வரும், 4 விழுக்காடு வேறுபாடு. சுவர் வெப்பநிலை தெரியாத இடத்தில் ஓர் ஊகத்தோடு தொடங்கி ஓரிரு சுற்றிலேயே நிலைக்கு வந்துவிடலாம்.

இந்த வழியின் மறைமுகச் செலவு, பாகுத்தன்மைத் தரவை நாம் எப்படிப் பெறுகிறோம் என்பதில் இருக்கிறது. இரண்டு வெப்பநிலைகளில் மட்டும் மதிப்பு தெரிந்திருக்க, நடுவில் ஒன்றை வேண்டும்போது நேர்கோடு போட்டு எடுப்பவர்கள் உண்டு. நம் எண்ணெயையே பாருங்கள்: 37 டிகிரியில் 288 சென்டிஸ்டோக்ஸ், 97 டிகிரியில் 22. நேர்கோட்டின்படி 47 டிகிரியில் 244 வரும், உண்மை 161. மடக்கை எடுத்து நேர்கோடு போட்டால் 188, இன்னும் கூடுதல்தான். ஏஎஸ்டிஎம் டி341 வரைபடத்துக்கு அடிப்படையான வால்தர் முறையில், பாகுத்தன்மையோடு 0.7ஐக் கூட்டி இருமுறை மடக்கை எடுத்து, அதைக் கெல்வின் வெப்பநிலையின் மடக்கைக்கு எதிரே நேர்கோடாகக் கொண்டால் 162 வருகிறது. வெப்பக் கெழுவில் 0.14 என்ற சிறிய அடுக்கு இந்தப் பிழையைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அழுத்த இழப்புக் கணக்கு அப்படி மன்னிக்காது.

எல்லைகளும் உண்டு. பாகுத்தன்மை விகிதம் 9.75 வரை இந்தச் சூத்திரம் பொருந்தும் என்று பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. நம் குழாயில் நீராவி அழுத்தத்தைக் கூட்டிச் சுவரை 107 டிகிரிக்குக் கொண்டுபோனாலே விகிதம் 10ஐத் தொட்டுவிடும். மறுமுனையில், முப்படி மூலமும் திருத்தமும் சேர்ந்த பெருக்கல் 2க்குக் கீழே போனால் சூத்திரத்தைக் கைவிட வேண்டும். ஏனெனில் மிக நீண்ட குழாயில் இது நஸ்ஸெல்ட் எண்ணைச் சுழியை நோக்கி இழுத்துச் செல்லும், இயற்கையோ 3.66க்குக் கீழே விடாது.

## நான்காம் வழி: ஹௌசன் சூத்திரத்தோடு அதே திருத்தம்

```
Nu = [3.66 + 0.0668·Gz / (1 + 0.04·Gz^(2/3))] · (mu_b / mu_w)^0.14
```

`Gz` என்பது மேலே 296 என்று வந்த அதே பெருக்கல், கிரேட்ஸ் எண். திருத்தத்துக்கு முன் நஸ்ஸெல்ட் எண் 10.8, பின் 14.3. கெழு 102, வெளிவாயில் 51.3 டிகிரி.

சீடர்–டேட் தந்ததைவிட இது 13 விழுக்காடு குறைவு. காரணம் திருத்தத்தில் இல்லை, அடிப்படையில் இருக்கிறது. மாறாப் பண்புகள் கொண்ட திரவத்துக்குக் கணிதம் தரும் கெழுவெண் 1.86 அன்று, 1.615. ஹௌசன் சூத்திரம் இந்தக் கணிதத்தோடு ஒட்டிப்போகிறது. 1.86 சோதனைகளுக்குப் பொருத்தி எடுக்கப்பட்டது. கிடைக்குழாயில் வெதுவெதுப்பான எண்ணெய் மேலெழுந்து சுழலும் இயற்கைச் சலனத்தின் பங்கும் அதில் கலந்திருக்கக்கூடும். சிறிய விட்டமுள்ள குழாயில் அந்தப் பங்கை நம்பி வடிவமைக்க எனக்கு மனம் வருவதில்லை. எனவே சூடேற்றி வாங்கும்போது 102ஐயே பரிந்துரைப்பேன். நிறுவிய கருவி ஒன்றின் அளவீட்டைச் சரிபார்க்கும்போது 102க்கும் 118க்கும் இடையில் எது வந்தாலும் கருவி நலமாக இருக்கிறது என்று கொள்வேன்.

நீண்ட குழாயில் இவ்வழியின் மேன்மை தெளிவு: அது 3.66இல் போய் நிற்கும். பல சுற்று வளைந்து செல்லும் குழாயில் எந்த நீளத்தைப் போடுவது என்ற கேள்வி வரும். ஒவ்வொரு வளைவிலும் எண்ணெய் நன்றாகக் கலந்துவிடும் என்று கொண்டு ஒரு சுற்றின் நீளத்தை மட்டும் போட்டால் கெழு அழகாக உயரும். ரெனால்ட்ஸ் எண் 45இல் அத்தகைய முழுக் கலவையை எதிர்பார்க்க முடியாது. மொத்த நீளத்தைப் போடுவதே பாதுகாப்பு.

## ஒரே பார்வையில்

| வழி | கெழு | வெளிவாயில், டிகிரி | சுவர்த் தரவு | எப்போது ஏற்றது |
|---|---|---|---|---|
| திருத்தம் இல்லை | 88.6 | 50.1 | வேண்டாம் | சூடேற்றல், விகிதம் 2க்குள் |
| இடைப்பட்ட வெப்பநிலை | 88.2 | 50.0 | வேண்டும் | இக்கணக்குக்கு ஏற்றதன்று |
| சீடர்–டேட் | 118 | 52.6 | வேண்டும் | நீளம் குறைந்த குழாய், இருக்கும் கருவியைச் சரிபார்த்தல் |
| ஹௌசன், 0.14 திருத்தத்துடன் | 102 | 51.3 | வேண்டும் | புதுக் கருவி வாங்குதல், நீண்ட குழாய் |

கணினியில் வேகத்தையும் வெப்பநிலையையும் சேர்த்தே தீர்க்கும் எண்முறை ஐந்தாவது வழி. விகிதம் 10ஐத் தாண்டும்போதும், 50 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கிடைக்குழாய்களில் இயற்கைச் சலனம் ஓங்கும்போதும், இணையாகப் பல குழாய்கள் உள்ள ஆயில் கூலரிலும் அதற்குச் செலவிடுவது தகும். கூலரில் ஒரு குழாய் சற்றே அதிகம் குளிர்ந்தால் அதில் எண்ணெய் கெட்டிப்பட்டு ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்ததால் இன்னும் குளிரும். மேலே சொன்ன எந்தச் சூத்திரமும் இதைக் காட்டாது.

## அழுத்த இழப்புக்கு வேறு கணக்கு

வெப்பத்துக்கு 0.14 போட்டவர்கள் அதே எண்ணை அழுத்த இழப்புக்கும் போட்டுவிடுகிறார்கள். வரிச்சீர் ஓட்டத்தில் அது பொருந்தாது. நம் குழாயில் 141 சென்டிபாய்ஸை வைத்துக் கணக்கிட்டால் இழப்பு 24.7 கிலோபாஸ்கல். 0.58 அடுக்கில் திருத்தினால் 7.6. பழைய வெப்பப் பரிமாற்றிக் கையேடுகளில் காணப்படும் 0.25 அடுக்கில் திருத்தினால் 14.9. இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. விடையோ ஒன்றுக்கு ஒன்று இரு மடங்கு. வெப்பக் கெழுவுக்குப் பயன்படாத ஃபிலிம் டெம்பரேச்சர் இங்கே 7.8 தந்து, 0.58 அடுக்கின் அருகில் வந்து நிற்கிறது என்பது ஒரு வேடிக்கை.

பம்ப் வாங்குபவருக்கு இந்தச் சர்ச்சை தேவையில்லை, ஏனென்றால் அவருடைய அளவை நிர்ணயிப்பது சூடான குழாயின் இழப்பே அன்று. சனவரியில் டெல்லியின் விடியல் 7 டிகிரிக்கு இறங்குகிறது. இரவு முழுவதும் நின்றிருந்த குழாயில் எண்ணெய் 2170 சென்டிபாய்ஸாக இறுகியிருக்கும். அதே 0.1 கிலோ ஓட்டத்துக்கு அப்போது வேண்டிய அழுத்தம் 370 கிலோபாஸ்கல், அதாவது 3.7 பார். இதே கருவியைப் பெங்களூருவிலோ மும்பையிலோ வைத்து, காலைக் குளிர் 17 டிகிரி என்று கொண்டால் 1.7 பார் போதும். இங்கே ரிலீஃப் வால்வை 3 பாரில் அமைத்திருந்தால், காலையில் பம்பை ஓடவிட்டதும் அழுத்தமானியின் முள் 3ஐத் தொட்டு அங்கேயே நடுங்கிக்கொண்டு நிற்கும். பம்ப் சுழலும், எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வால்வு வழியே தொட்டிக்கே திரும்பும், மீதி மட்டுமே சூடேற்றிக்குள் போகும். வெளிவாயிலில் உள்ள வெப்பநிலைமானியை மட்டும் பார்த்துச் சூடேற்றி நன்றாக வேலை செய்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

எனவே குழாயின் வெளிவாயில் திறந்திருக்க, பம்பை இயக்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே நீராவியைத் திறந்துவிடுங்கள். தேங்கிய எண்ணெய் 10 மில்லிமீட்டர் ஆரத்தில் கடத்தல் மூலம் மட்டுமே சூடாவதற்கான கால மாறிலி ஏறத்தாழ மூன்றரை நிமிடம். பத்து நிமிடத்தில் அது சுவரின் வெப்பநிலையை நெருங்கிவிடும். உறையிடாத இணைப்புக் குழாய்களில் நிற்கும் எண்ணெய்க்கு இந்த உதவி கிடைக்காது என்பதால், பம்புக்கும் சூடேற்றிக்கும் இடையிலுள்ள நீளத்தை 2170 சென்டிபாய்ஸில் தனியே கணக்கிட்டு, அந்த இழப்பைச் சேர்த்த பிறகே ரிலீஃப் வால்வின் அமைப்பை முடிவுசெய்ய வேண்டும்.